ஐந்தாம் தேதிக்கு என்ன விலை?

ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் பி.பி.எஃப். கணக்கு இருக்கிறது. ஒருவர் மாதாமாதம் 4ஆம் தேதி 12,500 ரூபாய் போடுகிறார். மற்றவர் அதே தொகையை 7ஆம் தேதி போடுகிறார். ஏப்ரல் முதல் மார்ச் வரை இருவரும் போட்ட பணம் ஒன்றரை லட்சம்தான். ஆனால் மார்ச் 31 அன்று வட்டி பதிவாகும்போது, அந்த ஆண்டு போட்ட பணத்துக்கு முதலாமவருக்குக் கிடைப்பது 5,768 ரூபாய் 75 காசு. இரண்டாமவருக்கு 4,881 ரூபாய் 25 காசு. மூன்று நாள் பின்தங்கியதில் 887 ரூபாய் 50 காசு குறைந்துவிட்டது.

இதற்குக் காரணம் வங்கியோ தபால் நிலையமோ அல்ல, திட்டத்தின் விதி. பொது வருங்கால வைப்பு நிதி என்ற பி.பி.எஃப். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2019 டிசம்பரில் மத்திய அரசு அறிவிக்கை செய்த புதிய திட்ட விதிகள். வட்டியைப் பற்றி அதில் உள்ள முக்கியமான விஷயம் இவ்வளவுதான்: ஒவ்வொரு மாதமும், 5ஆம் தேதி கணக்கு முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரைக்கும் கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்பு எவ்வளவோ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. அப்படிப் பன்னிரண்டு மாதமும் சேர்ந்த வட்டி நிதியாண்டின் முடிவில் ஒரே தடவையாக வரவு வைக்கப்படும்.

‘மிகக் குறைந்த இருப்பு’ என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 4ஆம் தேதி பணம் போட்டவருக்கு 5ஆம் தேதி மாலையிலேயே அந்தப் பணம் இருப்பில் இருக்கிறது. மாதம் முழுக்க அது குறையவில்லை. ஆகவே அதற்கு வட்டி உண்டு. 7ஆம் தேதி போட்டவருக்கு 5ஆம் தேதி மாலை இருந்தது பழைய இருப்பு மட்டும். அதுதான் அந்த மாதத்தின் குறைந்தபட்சம். புதுப் பணம் அந்த மாதக் கணக்குக்குள் வரவே இல்லை. அது வட்டி ஈட்டத் தொடங்குவது அடுத்த மாதம்தான். 5ஆம் தேதி மாலை புறப்பட்டுவிடும் பேருந்து மாதிரி இது. தவறவிட்டவருக்கு அடுத்த வண்டி ஒரு மாதம் கழித்துத்தான்.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு தப்பான பயம் உண்டு. 6ஆம் தேதி பணம் போட்டால், கணக்கில் ஏற்கெனவே உள்ள மொத்தப் பணத்துக்கும் அந்த மாத வட்டி போய்விடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழைய இருப்புக்கு உரிய வட்டி பைசா குறையாமல் வரும். தாமதமாக வந்த தொகைக்கு மட்டும்தான் ஒரு மாத வட்டி கிடைக்காது.

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. சம்பளம் வருவதற்கு நிச்சயமான தேதி கிடையாது. கையில் மிஞ்சும்போது போடுவது வழக்கம். 2024 ஏப்ரல் 1 அன்று அவர் கணக்கில் இருந்தது சரியாக 4 லட்சம் ரூபாய். அந்த நிதியாண்டில் ஆறு தடவை பணம் போட்டார். ஏப்ரல் 3ஆம் தேதி 10,000. ஜூன் 5ஆம் தேதி 20,000. ஆகஸ்ட் 6ஆம் தேதி 20,000. நவம்பர் 12ஆம் தேதி 15,000. ஜனவரி 4ஆம் தேதி 25,000. கடைசியாக மார்ச் 28ஆம் தேதி 30,000. மொத்தம் 1,20,000. அந்த ஆண்டு முழுவதும் வட்டி 7.1 சதவீதம்.

மாதம் மாதமாக, வட்டிக்கு உரிய இருப்பை எழுதிக்கொண்டே வருவோம். ஏப்ரல் 3ஆம் தேதி போட்டது கணக்கில் சேர்ந்துவிட்டதால் அந்த மாதம் 4,10,000. மே மாதம் பணம் எதுவும் போடவில்லை, அதே 4,10,000. ஜூன் 5ஆம் தேதி போட்டது கடைசி நாள் வண்டியைப் பிடித்துவிட்டது. ஜூனுக்கு 4,30,000, ஜூலைக்கும் அதே. ஆகஸ்டில் பாஸ்புக்கைப் பார்த்தால் இருப்பு 4,50,000 என்றுதான் இருக்கும். ஆனால் வட்டிக்கு எடுத்துக்கொள்ளும் தொகை 4,30,000தான், ஏனென்றால் பணம் வந்தது 6ஆம் தேதி. செப்டம்பர், அக்டோபர் இரண்டுக்கும் 4,50,000. நவம்பர் 12ஆம் தேதி வந்த 15,000 அந்த மாதத்துக்குச் சேராது. ஆகவே நவம்பருக்கும் 4,50,000. டிசம்பரில் 4,65,000. ஜனவரி 4ஆம் தேதி வந்த பணம் உடனே சேர்ந்துவிட, ஜனவரி, பிப்ரவரி இரண்டுக்கும் 4,90,000. மார்ச் 28ஆம் தேதி போட்ட 30,000 இந்த ஆண்டின் வட்டிக் கணக்கை எட்டிக்கூடப் பார்க்காது, மார்ச்சுக்கும் 4,90,000தான்.

இந்தப் பன்னிரண்டு தொகைகளையும் கூட்டினால் 53,95,000 வரும். அதை 7.1ஆல் பெருக்கி 1,200ஆல் வகுக்க வேண்டும். நூற்றுக்கு 7.1 என்பதால் ஒரு நூறு, ஆண்டு வட்டியை மாத வட்டியாக்க ஒரு பன்னிரண்டு. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 1,200. விடை 31,920 ரூபாய் 42 காசு. சில்லறையை விட்டுவிட்டால் மார்ச் 31 அன்று அவருடைய பாஸ்புக்கில் வட்டியாகப் பதிவாக வேண்டியது 31,920 ரூபாய். போட்ட பணமும் வட்டியும் சேர்ந்து முடிவு இருப்பு 5,51,920. அடுத்த ஏப்ரல் மாத வட்டி இந்தப் புதிய இருப்பின் மீது தொடங்கும்.

கணினியில் கணக்குப் போடுகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஏப்ரல் முதல் மார்ச் வரைக்குமான பன்னிரண்டு தொகைகளை விரிதாளில் ஒரே பத்தியில், B2 முதல் B13 வரை, அடித்துவிட்டு அடுத்த கட்டத்தில் இதை எழுதினால் போதும்:

```
=SUM(B2:B13)*7.1/1200
```

காகிதமும் பேனாவும் போதும் என்பவர்களுக்கு இதைவிடக் குறுக்கான வழி உண்டு. ஒவ்வொரு தொகையும் அந்த ஆண்டில் எத்தனை மாதம் வட்டி ஈட்டுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். ஆசிரியையின் பழைய 4 லட்சத்துக்குப் பன்னிரண்டு மாதம். ஏப்ரல் பணத்துக்கும் பன்னிரண்டு. ஜூன் பணத்துக்குப் பத்து. ஆகஸ்ட் 6ஆம் தேதிப் பணம் செப்டம்பரில்தான் தொடங்குகிறது, அதற்கு ஏழு. நவம்பர் பணத்துக்கு நான்கு, ஜனவரி பணத்துக்கு மூன்று, மார்ச் பணத்துக்குச் சுழி. தொகையை மாதத்தால் பெருக்கிக் கூட்டினால் அதே 53,95,000 வரும். இரண்டு வழியிலும் ஒரே எண் வந்துவிட்டால் கணக்கு சரி என்று நம்பலாம்.

7.1 சதவீதத்தில் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 5 ரூபாய் 92 காசு. பி.பி.எஃப். வைத்திருப்பவர் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய எண் இது ஒன்றுதான். 5ஆம் தேதியைத் தவறவிட்டால் ஆயிரத்துக்கு இவ்வளவுதான் போகும். அதற்கு மேலே போகாது. (1986 முதல் 2000 தொடக்கம் வரை 12 சதவீதம் வட்டி தந்த காலத்தில் இது ஆயிரத்துக்குச் சரியாகப் பத்து ரூபாயாக இருந்தது. அன்றைக்கு 5ஆம் தேதிக்கு விலை அதிகம்தான்.) நம் ஆசிரியை ஆகஸ்டில் ஒரு நாள் முந்தி, நவம்பரில் ஒரு வாரம் முந்திப் போட்டிருந்தால், 20,000க்கும் 15,000க்கும் ஒவ்வொரு மாத வட்டி கூடுதலாகக் கிடைத்திருக்கும். 35,000க்கு ஒரு மாதம், அதாவது 207 ரூபாய்.

மாதம் 12,500 போடுகிறவர் ஒரு மாதம் தவறவிட்டால் இழப்பது 74 ரூபாய். 5ஆம் தேதி சாயங்காலம் கிளை மூடுவதற்குள் போய்ச் சேர இருநூறு ரூபாய் ஆட்டோ பிடிப்பதில் அர்த்தமில்லை. கைமாற்று வாங்கிப் போடுவது அதைவிட மோசம்.

இதே விதிக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. 5ஆம் தேதி தவறிவிட்டது என்றால் அடுத்த நாளே ஓடிப்போய்ப் போட வேண்டிய அவசியமும் இல்லை. ஆகஸ்ட் 6ஆம் தேதி போட்டாலும், 20ஆம் தேதி போட்டாலும், செப்டம்பர் 5ஆம் தேதி போட்டாலும் பி.பி.எஃப். கணக்கில் வட்டி ஒன்றேதான். மூன்றிலும் அந்தப் பணத்துக்கு முதல் வட்டி செப்டம்பருக்கு. இடைப்பட்ட நாட்களில் பணம் வங்கிச் சேமிப்புக் கணக்கில் இருந்தால், அங்கே தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிடுவதால் கொஞ்சம் சில்லறையாவது சேரும். வங்கிச் சேமிப்புக் கணக்குகளிலும் முன்பு இப்படித்தான் 10ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரையிலான குறைந்த இருப்பைப் பார்த்தார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி அதைத் தினசரிக் கணக்காக மாற்றியது. பி.பி.எஃப். மட்டும் பழைய மாதக் கணக்கிலேயே நிற்கிறது. கையில் வைத்திருந்தால் செலவாகிவிடும் என்கிறவர்கள் 6ஆம் தேதியே போட்டுவிடுவது நல்லது. அந்தச் சில்லறை வட்டியைவிட, போட்டுவிட்ட பணம் பத்திரமாக இருப்பது பெரிது.

மார்ச் மாதம் இதில் தனி ரகம். மார்ச் 5க்குப் பிறகு போடும் பணத்துக்கு அந்த நிதியாண்டில் ஒரு ரூபாய்கூட வட்டி வராது. பழைய வருமான வரி முறையில் இருந்துகொண்டு 80சி கழிவுக்காக மார்ச் கடைசி வாரத்தில் அடித்துப் பிடித்துப் போடுகிறவர்கள் வரிச் சலுகையைத்தான் வாங்குகிறார்கள், வட்டியை அல்ல. ஒன்றரை லட்சத்தை மார்ச் 5ஆம் தேதி போட்டிருந்தால் 887 ரூபாய் 50 காசு வந்திருக்கும். 6ஆம் தேதி போட்டால் சுழி. ஆனால் மார்ச் மாதத்தில் மட்டும் ‘அடுத்த மாதம் 5ஆம் தேதி வரைக்கும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட முடியாது. ஏப்ரல் பிறந்துவிட்டால் அது அடுத்த ஆண்டின் ஒன்றரை லட்ச வரம்புக்குள் போய்விடும். ஆண்டுக்குக் குறைந்தபட்சம் போட வேண்டிய 500 ரூபாயும் மார்ச் 31க்குள் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கு முடங்கும். அதை உயிர்ப்பிக்க, விட்டுப்போன ஒவ்வோர் ஆண்டுக்கும் 500 ரூபாயுடன் 50 ரூபாய் அபராதமும் கட்ட வேண்டும்.

ஒவ்வோர் ஏப்ரலிலும் ஒரு செய்தி சுற்றி வரும். ‘ஏப்ரல் 5க்குள் மொத்தமாகப் போடுங்கள், இல்லையென்றால் லட்சக்கணக்கில் இழப்பீர்கள்’ என்று. கணக்கு பொய் இல்லை. சொல்கிற விதம்தான் கொஞ்சம் மிகை. 7.1 சதவீதம் மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பதினைந்து ஆண்டு போட்டுப் பார்த்தால், ஒவ்வோர் ஏப்ரல் 5க்குள்ளும் ஒன்றரை லட்சத்தை மொத்தமாகப் போடுகிறவருக்கு முடிவில் சுமார் 40 லட்சத்து 68 ஆயிரம் சேரும். அதே தொகையை ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் போடுகிறவருக்கு சுமார் 37 லட்சத்து 98 ஆயிரம். வித்தியாசம் ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம். செய்திகளில் வரும் எண் இதுதான்.

ஆனால் இது 5ஆம் தேதிக்கும் 6ஆம் தேதிக்கும் உள்ள வித்தியாசம் அல்ல. ஓர் ஆண்டு முன்னதாகப் போடுவதற்கும் ஓர் ஆண்டு கழித்துப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம். ஏப்ரலில் ஒன்றரை லட்சம் சும்மா இருக்கிறவர் அதைப் பதினொரு மாதம் வெளியே வைத்திருந்தால் அது உண்மையான இழப்புதான். மாதச் சம்பளக்காரருக்கு ஏப்ரலில் அந்தப் பணமே கையில் இருக்காது. இல்லாத பணத்துக்கு வட்டி போனதாக வருத்தப்பட என்ன இருக்கிறது?

5ஆம் தேதிக்கு மட்டும் என்ன விலை என்று தனியாகப் பார்க்க வேண்டுமானால் கட்டுரையின் முதலில் சொன்ன இரண்டு பேருக்கே திரும்ப வேண்டும். மாதம் 12,500ஐ ஒவ்வொரு தடவையும் 5க்குள் போடுகிறவருக்குப் பதினைந்து ஆண்டு முடிவில் சுமார் 39 லட்சத்து 44 ஆயிரத்து 600. ஒரு தடவைகூடத் தப்பாமல் தாமதமாகவே போடுகிறவருக்கு சுமார் 39 லட்சத்து 22 ஆயிரத்து 100. ஆண்டுக்கு 887 ரூபாய் 50 காசு குறைவதும், அந்தக் குறைவின் மேல் ஏறியிருக்க வேண்டிய வட்டியும் சேர்ந்து வித்தியாசம் சுமார் 22,500. ஏப்ரல் 5க்குப் பதில் ஏப்ரல் 6ஆம் தேதி மொத்தமாகப் போடுகிறவருக்கும் ஆண்டுக்கு அதே 887 ரூபாய் 50 காசுதான் குறையும், ஏனென்றால் அவரும் ஒன்றரை லட்சத்துக்கு ஒரு மாத வட்டியைத்தான் விடுகிறார். மாதம் 2,000 ரூபாய் போடுகிறவருக்கு இந்தத் தாமதம் ஆண்டுக்கு 142 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு 3,600 ரூபாய் அளவில்தான் வரும். சிரமமே இல்லாமல் மிச்சப்படுத்த முடிகிற பணம் என்பதால் விடுவானேன் என்று கேட்கலாம். தூக்கம் கெடும் அளவுக்கு இது பெரிய தொகை இல்லை.

இணையத்தில் கிடைக்கும் சில கணிப்பான்களை நம்பி ஏமாறுவதும் இங்கேதான். வட்டி மாதாமாதம் கணக்கிடப்படுகிறது என்பதைப் படித்துவிட்டு, அது மாதாமாதம் அசலோடு சேர்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சேர்வதில்லை. ஏப்ரல் மாதத்துக்கான வட்டி கணக்கிடப்பட்டு ஓரமாக நிற்கும். அந்த வட்டிக்கு மே மாதத்தில் வட்டி கிடையாது. எல்லாம் சேர்ந்து மார்ச் 31 அன்று ஒரே தொகையாக இருப்பில் ஏறிய பிறகுதான் அடுத்த சுற்று. ஓர் ஆண்டுக்குள் தனிவட்டி, ஆண்டுக்கு ஆண்டு கூட்டுவட்டி என்று புரிந்துகொண்டால் குழப்பம் தீரும். மாதக் கூட்டுவட்டிச் சூத்திரத்தைப் போட்டால் விடை எப்போதும் பாஸ்புக்கில் உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் வரும்.

வட்டி விகிதம் நடுவில் மாறினால் என்ன செய்வது? 2016 ஏப்ரல் முதல் அரசு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விகிதத்தை அறிவிக்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று 7.9இலிருந்து 7.1க்கு இறங்கியது பல ஆண்டுகள் அப்படியே நின்றதால் பலர் இதை மறந்தே விட்டார்கள். பழைய ஆண்டுகளைச் சரிபார்க்கும்போது இது தேவைப்படும். 2018-19இல் முதல் ஆறு மாதம் 7.6 சதவீதம், அக்டோபரிலிருந்து 8 சதவீதம். அந்த ஆண்டு முழுவதும் ஒரு லட்சம் ரூபாய் அசையாமல் இருந்த கணக்குக்கு முதல் பாதியில் 3,800, இரண்டாம் பாதியில் 4,000, ஆக 7,800 ரூபாய் வட்டி. அந்தந்த மாத இருப்பை அந்தந்த மாத விகிதத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். வங்கி வைப்பு நிதியைப் போலப் போட்ட அன்றைய விகிதம் கடைசி வரை ஒட்டிக்கொண்டு வராது. புதிய விகிதம் பழைய பணத்துக்கும் பொருந்தும்.

கணக்கில் பிசகு வருவது பெரும்பாலும் சூத்திரத்தால் அல்ல, எது ‘போட்ட தேதி’ என்பதால். காசோலை கொடுத்தால், கொடுத்த நாள் போட்ட நாள் ஆகாது. காசோலை மாறி அரசுக் கணக்கில் பணம் சேர்ந்த நாள்தான் போட்ட நாள். 3ஆம் தேதி கிளையில் கொடுத்து ரசீது வாங்கிய காசோலை 6ஆம் தேதி மாறினால் அந்த மாத வட்டி போச்சு. கையில் உள்ள ரசீதில் 3ஆம் தேதி முத்திரை இருப்பதால் ஒன்றும் ஆகாது.

விடுமுறையும் அப்படித்தான். வட்டி விதி 5ஆம் தேதி என்கிறது. அன்று விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள் என்று அது சொல்லவில்லை. 2026 ஏப்ரலைப் பாருங்கள். 1ஆம் தேதி வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு. 3ஆம் தேதி புனித வெள்ளி. 5ஆம் தேதி ஞாயிறு, ஈஸ்டர். நேரில் போய்ப் போடுகிறவருக்கு 2ஆம் தேதி வியாழனும் 4ஆம் தேதி சனியும்தான் மிச்சம். நெட் பேங்கிங்கில் விடுமுறை நாளிலும் பணம் அனுப்பலாம்தான். ஆனாலும் அனுப்பிய பிறகு, பி.பி.எஃப். கணக்கில் எந்தத் தேதியிட்டு வரவு ஆகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தானாகப் பணம் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்கிறவர்கள் 5ஆம் தேதியைக் குறித்துக் கொடுப்பது ஆபத்து. 1 அல்லது 2 என்று வைத்தால், ஏதாவது தடங்கல் வந்தாலும் சரிசெய்ய இரண்டு மூன்று நாள் கையில் இருக்கும். 7ஆம் தேதி சம்பளம் வாங்குகிறவர் அதிலிருந்து ஒதுக்கி, அடுத்த 1ஆம் தேதி போகும்படி வைக்கலாம்.

போடுவதற்கு இவ்வளவு தேதி பார்க்கிறவர்கள் எடுக்கும்போது பார்ப்பதில்லை. உண்மையில் பெரிய தொகை போவது அங்கேதான். மாதத்தின் எந்த நாளில் பணத்தை எடுத்தாலும் அந்த மாதத்தின் குறைந்த இருப்பு கீழே இறங்கிவிடும். 28ஆம் தேதி 2 லட்சம் எடுத்தால், 27 நாள் அந்தப் பணம் கணக்கில் இருந்தது என்பதற்கு மதிப்பே இல்லை. அந்த 2 லட்சத்துக்கு அந்த மாத வட்டி 1,183 ரூபாய் கிடையாது. நாலைந்து நாள் பொறுத்து அடுத்த மாதம் 1ஆம் தேதி எடுத்தால் அந்த 1,183 கணக்கில் தங்கும். மகள் கல்லூரிக் கட்டணத்துக்கோ வீட்டு வேலைக்கோ எடுக்கிறவர்கள், அவசரம் இல்லாவிட்டால், மாதம் பிறந்த உடனே எடுப்பதுதான் லாபம். மாதக் கடைசி வாரத்தில் எடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு.

வரம்பைத் தாண்டிப் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிதியாண்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போன பணத்துக்கு வட்டியே இல்லை. எந்தத் தேதியில் போட்டோம் என்ற கேள்வியே அங்கு எழாது.

சரி, கணக்குப் போட்டாயிற்று. பாஸ்புக்கில் உள்ள எண்ணோடு பொருந்தவில்லை. என்ன செய்வது? ஆசிரியையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாம் போட்டது 31,920. பாஸ்புக்கில் பதிவானது 31,861 என்று வைத்துக்கொள்வோம். குறைவு 59 ரூபாய். ஆயிரத்துக்கு 5 ரூபாய் 92 காசு என்ற எண் இங்கே துப்புக் கொடுக்கும். 59ஐ அதனால் வகுத்தால் கிட்டத்தட்ட பத்து. அதாவது பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு மாத வட்டி வரவில்லை. அந்த ஆண்டில் பத்தாயிரமாகப் போட்ட பணம் ஒன்றுதான், ஏப்ரல் 3ஆம் தேதிப் பணம். அது காசோலையாக இருந்து, வரவுத் தேதி 6 என்று பதிவாகியிருந்தால் வங்கி போட்டதே சரி. ரொக்கமாகக் கட்டி, ரசீதிலும் 3 என்று இருந்து, கணக்கில் மட்டும் தேதி மாறியிருந்தால் கேட்க வேண்டியது அந்த ஒரு பதிவை மட்டும்தான். ‘வட்டி குறைவாக இருக்கிறதே’ என்று பொதுவாகக் கேட்டால் கிளையில் ‘சிஸ்டம் போட்டதுங்க’ என்ற பதில்தான் கிடைக்கும். எந்தத் தேதி, எந்தத் தொகை, எந்த மாத வட்டி என்று எழுதிக் கொடுத்தால் அவர்களால் அந்தப் பதிவைத் திறந்து பார்க்க முடியும்.

குறைவு இப்படி ஒரு தொகையோடு நேராகப் பொருந்தாமல், பெரிதாக இருந்தால் முதலில் நம் கணக்கையே சந்தேகிக்க வேண்டும். மாதக் கூட்டுவட்டி போட்டோமா, தொடக்க இருப்பில் போன ஆண்டு வட்டியைச் சேர்க்க மறந்தோமா, ஒன்றரை லட்சத்தைத் தாண்டினோமா என்று பார்த்தால் பெரும்பாலும் அதிலேயே விடை இருக்கும்.

தமிழ்நாட்டில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் என்று அறியப்படும் பெண் குழந்தைகளுக்கான கணக்குக்கும் இதே 5ஆம் தேதி விதிதான். வட்டி மட்டும் வேறு. 2024 ஜனவரியில் அது 8.2 சதவீதம் ஆனது, அந்த விகிதத்தில் ஆயிரத்துக்கு மாதம் 6 ரூபாய் 83 காசு. தபால் நிலையச் சாதாரண சேமிப்புக் கணக்கை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பார்ப்பது 10ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரையிலான குறைந்த இருப்பை.